நன்றிக் கடிதம்

அக்காவின்ர மகள் ஒரு வருசம் அமெரிக்காவில, மின்னசோட்டாவில ஒரு குடும்பத்தோட தங்கிப் படிச்சிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்திட்டாள். அவையளுக்கு ஆங்கிலத்தில எழுதின நன்றிக் கடிதத்தைப் பாக்கச் சொல்லித் தந்தாள்.

"ரெஸ்பெக்டட் சேர் அண்ட் மேடம்" எண்டு தொடக்கம், "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி" எண்டு முடிவு. இலக்கணப் பிழை ஒண்டுமில்லை. ஆனா அது அதிபருக்கு எழுதிற லீவுக் கடிதம்.

"அங்க அவையள எப்பிடிப் பிள்ளை கூப்பிட்டனி?"

"பேர் சொல்லித்தான், சித்தி. அவையளே அப்பிடித்தான் கூப்பிடச் சொன்னவை."

அப்ப கடிதத்திலயும் 'டியர்' போட்டு அந்தப் பேரே வரட்டும். முடிவில 'வித் லவ்' காணும்.

நடுவில "உங்கட அன்பான உபசரிப்புக்கும் எல்லாத்துக்கும் நன்றி" எண்டு ஒரு பந்தி. இதை யார் வீட்டுக்கும் அனுப்பலாம். என்ன நடந்தது எண்டு கேக்கக் கேக்கத்தான் வந்தது. வெள்ளிக்கிழமையில இவள் மச்சம் சாப்பிடாள் எண்டு தெரிஞ்ச பிறகு அந்த அம்மா ஒவ்வொரு வெள்ளியும் மரக்கறிச் சமையல்தானாம். அந்த ஐயா கார்க் கண்ணாடியில உறைஞ்ச ஐஸைச் சுரண்டப் பழக்கினவராம். அந்த ரெண்டும் பந்திக்குள்ள போச்சுது. வீட்டுச் சின்னப் பெடியனுக்குத் தனியா ரெண்டு வரி.

"தம்பியும் அங்க வந்து படிக்க உதவி செய்வீங்களோ" எண்ட கடைசி வரியை வெட்டிப்போட்டன். நன்றிக்குள்ள விண்ணப்பம் வைக்கப்படாது. அக்காவுக்கு அதில கொஞ்சம் கோவம்தான்.

இனிக் கையால எழுதித் தபால்ல போடவேணும்.