இரத்த வாந்திக் கேள்வியில் ஹீமோகுளோபினை நம்பாதீர்கள்

அடல்ட் ஹெல்த் நர்சிங் முடிவுகள் வந்துவிட்டன. தேறிவிட்டேன் என்பதே பெரிய நிம்மதி. மேல் இரைப்பைக் குடல் இரத்தக்கசிவு பற்றிய நெடுவினாதான் என்னைக் கரையேற்றியது என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

கேள்வியில் வந்தவர் கல்லீரல் சுருக்க நோயுள்ள 60 கிலோ எடை ஆண். இருமுறை இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், நாடித்துடிப்பு 120, இரத்த அழுத்தம் 96/60, ஹீமோகுளோபின் 10.2. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துப் பலர் 'மிதமான இழப்பு' என்று எழுதிவிட்டார்கள். இரத்தம் வெளியேறும்போது சிவப்பணுக்களும் பிளாஸ்மாவும் சேர்ந்தே போவதால், திரவம் ஏறி இரத்தம் நீர்க்கும்வரை ஹீமோகுளோபின் பெரிதாகக் குறையாது. நாடியைச் சிஸ்டாலிக் அழுத்தத்தால் வகுத்தால் 1.25 வருகிறது, ஒன்றைத் தாண்டினாலே அதிர்ச்சி நிலையை அஞ்ச வேண்டும். ஆனால் இத்தகைய நோயாளிகள் பலர் ப்ரோப்ரனலால் எடுப்பவர்கள். அவர்களுக்கு நாடி ஏறாமலேயே இருக்கலாம் என்பதால் மாத்திரை விவரத்தை முதலிலேயே கேட்க வேண்டும்.

திரவ மாற்றுக்கு 16 அல்லது 18 கேஜ் வென்ஃப்ளான் இரண்டு, இரு கைகளிலும். ஊசி ஏறும்போதே இரத்தவகைக்கும் கிராஸ்மேட்சுக்கும் மாதிரி எடுத்துவிட வேண்டும். மருத்துவர் உத்தரவுப்படி சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ வேகமாகச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் நாடியையும் அழுத்தத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும். நிறைய இரத்தம் ஏற்றினால் நல்லது என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். அளவுக்கு மீறினால் போர்ட்டல் அழுத்தம் உயர்ந்து, உணவுக்குழாயில் புடைத்த சிரை மீண்டும் கசியும். ஆகவே ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் ஏற்றி, 7-க்கும் 8-க்கும் இடையில் நிறுத்துவதே வழக்கம். கசிவு பெருகி அழுத்தம் சரிந்தால் எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை.

எண்டோஸ்கோபிக்கு முன் (நிலை சீரானதும், 12 மணி நேரத்துக்குள்):
- வாய்வழி எதுவும் இல்லை, ஒப்புதல் கையொப்பம், பொய்ப்பல் அகற்றல்.
- டெர்லிப்ரெசினும் செஃப்ட்ரியாக்சோனும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.
- சக்ஷன் இயங்குகிறதா என்று கையால் சோதித்தல். இடப்பக்கமாகப் படுக்க வைத்தல்.

இவற்றிலும் நான் அழுத்திச் சொல்வது சுயநினைவை. குழப்பமாகப் பேசுபவரோ தொடர்ந்து இரத்த வாந்தி எடுப்பவரோ இரத்தத்தை நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்ளக்கூடும். மூச்சுக்குழல் செருகுவது குறித்து ஸ்கோப் நுழைவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கண்காணிப்பில், நிலை சீராகும்வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நினைவு. மணிக்குச் சிறுநீர் இவருக்கு 30 மில்லிக்குக் குறையக் கூடாது. தொண்டையில் மரப்பு மருந்து தெளித்திருப்பதால் விழுங்கும் அனிச்சை திரும்பும்வரை தண்ணீரும் தரக் கூடாது. கசிவு நின்ற பிறகும் சில நாள் மலம் கறுத்தே போகலாம். அதை மட்டும் வைத்து மறுகசிவு என்று எழுதாதீர்கள். புதிய இரத்த வாந்தியோ, ஏறும் நாடியோடு அழுத்தம் இறங்குவதோ தெரிந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.