மூன்று நிமிடமும் ஒரு கிளாஸ் பிளேன்டீயும்

விடியற்காலை மூன்றரை மணி. ஸ்கார்பரோவில் ஒரு கிடங்கின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோது இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பகல் ஒரு மணி.

"மச்சான், முப்பது வருஷம் கழிச்சு நம்ம கிளாஸ் ஒண்ணு சேருது. நீதான் கோப்பையை உயர்த்தி டோஸ்ட் சொல்லணும். கனடாக்காரனுக்குத்தானே அந்தப் பழக்கமெல்லாம் தெரியும்."

தெரியுமா! இங்கே வந்து பதினான்கு குளிர்காலம் ஆகிவிட்டது. நான் பார்த்த ஒரே டோஸ்ட், மேற்பார்வையாளர் ஓய்வுபெற்றபோது கடதாசிக் கோப்பையில் ஊற்றித் தந்த ஆப்பிள் ஜூஸ். மலைநாட்டுக்காரன் என்பதால் குளிர் எனக்குப் பழக்கம் என்று இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். கனடாக்காரன் என்பதால் அங்கே எனக்கு எல்லாம் தெரியும். இரண்டையும் நான் மறுப்பதில்லை. இரவு முழுக்கப் பெட்டி அடுக்குகிறேன் என்பதையும் ஊரில் சொன்னதில்லை.

ஆனாலும் பெருமையாக எழுதினேன். "டொக்டர், அதிபர், வங்கி முகாமையாளர் என்று நம் வகுப்பு வளர்ந்திருக்கிறது" என்பது முதல் வரி. முன் வாங்கில் இருந்த தோழிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவள் இன்னும் தோட்டத்தில்தான் கொழுந்து பறிக்கிறாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. அந்த வரி வாசிக்கிறப்போ நான் எந்திரிச்சு நிக்கவா, உக்காந்தே இருக்கவா?"

அப்புறம் சொன்னாள்: "நான் வரலடா."

அன்றைக்குப் பெட்டிகளை எந்தப் பக்கம் அடுக்கினேன் என்றே தெரியவில்லை.

அந்த வரியை எடுத்தால் மட்டும் போதாது என்று பிறகுதான் புரிந்தது. நிகழ்ச்சி நிரலிலேயே "பெயர், தொழில், பிள்ளைகள்" என்று ஒரு சுற்று அறிமுகம் இருந்தது. அது முடிந்த பிறகு நான் எதைச் சொன்னாலும் ஒப்பீடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஏற்பாட்டாளரோடு சண்டை பிடித்து அதை மாற்றினேன். பெயர், எந்த வாங்கு, பக்கத்தில் யார் இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர் பெயரைச் சொல்லும்போதே வராதவர்களும் மண்டபத்துக்குள் வந்துவிடுவார்கள்.

பிறகு பட்டியல். இடாப்பில் 41 பேர். வருவதாகச் சொன்னவர்கள் 19. இறந்தவர்கள் 5, எங்கே என்றே தெரியாதவர்கள் 6, தெரிந்தும் வர முடியாதவர்கள் 11. இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடாது. தேடிக் கிடைக்காதவனுக்கும் அஞ்சலி செலுத்திவிட்ட மாதிரி ஆகிவிடும். இறந்தவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பேசினேன். ஒரு தங்கச்சி, "அண்ணன் எப்படிப் போனார்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். இன்னொரு வீட்டுக்குப் போட்ட அழைப்பை, இறந்தவனே எடுத்தான்.

"ஹலோ, யாரு?"

வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வருடத்துக்கு முன்பே கண்ணீர்ப் படம் போட்டு அவனை அனுப்பிவைத்திருந்தோம். வவுனியாவில் நன்றாக இருக்கிறான். என்ன செய்கிறாய் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். 5 என்பது 4 ஆனது, 19 என்பது 20.

ஆகஸ்டில் ஹட்டனில் எழுந்து நின்றபோது மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் முதல் வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. இறந்த நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு காட்சி மட்டும் சொன்னேன். மேசையில் தப்பு அடித்து அடி வாங்கியவன், படங்கைப் போர்த்திக்கொண்டு நனைந்த புத்தகத்தோடு வந்தவள், அப்படி. அடுத்து, வர முடியாதவர்களின் பெயர்கள். கடைசியாகக் காணாமல் போன ஆறு பேர், "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரே சொல்லோடு. மூன்று நிமிடம்தான். நாலாவது நிமிடம் போயிருந்தால் நான் அழுதிருப்பேன், அப்புறம் எல்லாரும் என்னைத்தான் தேற்றவேண்டும்.

ஹட்டன் கடைக் கிளாஸ்களில் பிளேன்டீ. அடிப்பகுதி தடித்த, விளிம்பைத்தான் பிடிக்க முடிகிற சூட்டில். "இங்கே இல்லாதவங்களுக்கு" என்று உயர்த்தினோம். முன் வாங்குத் தோழி வந்திருந்தாள். கிளாஸை முட்டவந்த என்னிடம், "கையை நீட்டு" என்று உள்ளங்கையில் சீனியைக் கொட்டினாள். ஒரு நக்கு சீனி, ஒரு மிடறு சாயம். டொக்டரும் நக்கினார்.

இப்போது திரும்பி வந்து மூன்று வாரம். சரி, இதுதான் இனி நம்ம ஊர் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டேன். நேற்று இடைவேளையில் சீனிப் பொட்டலத்தைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டியிருக்கிறேன். எதிரே இருந்த பிலிப்பைன்ஸ்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவருக்கும் ஒரு பொட்டலம் நீட்டினேன்.