T² வரைபடம் ஏன் பூஜ்ஜியத்தின் வழியே போகவில்லை?

செய்முறைத் தேர்வில் சுருள்வில் சோதனை வந்தால் பலரும் ஒரே நிறையைத் தொங்கவிட்டு, அலைவுக் காலத்தைப் பார்த்து, T = 2π√(m/k)-இல் போட்டு சுருள்வில் மாறிலி k-வைக் கண்டுபிடித்து விடுவார்கள். வேகமான வழிதான், ஆனால் விடை தவறும்.

காரணம், சுருள்வில்லுக்கும் நிறை உண்டு. அதன் கீழ்முனை முழு வீச்சில் ஆடுகிறது, மேல்முனை அசைவதே இல்லை. இடைப்பட்ட பகுதிகளின் இயக்க ஆற்றலைச் சேர்த்துக் கணக்கிட்டால், வில்லின் நிறை mₛ-இல் மூன்றில் ஒரு பங்கு தொங்கும் நிறையோடு சேர்ந்துகொள்ளும். அப்படியானால் T² = 4π²(m + mₛ/3)/k.

எண்களில் பார்ப்போம். வில்லின் நிறை 60 கிராம், k = 10 N/m என்று வையுங்கள். 100 கிராம் தொங்கினால் 20 அலைவுகளுக்கு 13.8 விநாடி ஆகும். 200 கிராமுக்கு 18.6, 300 கிராமுக்கு 22.5. முதல் அளவீட்டை மட்டும் பழைய சூத்திரத்தில் போட்டால் k ஏறக்குறைய 8.3 வரும், மூன்றாவதைப் போட்டால் 9.4. ஒரே வில்லுக்கு நிறை கூடக் கூட k-யும் ஏறுகிறதென்றால், விடுபட்ட நிறை ஒன்று எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

T²-ஐ m-க்கு எதிராக வரைந்தால் இந்தத் தொல்லை இல்லை. கோடு நேராகவே வரும், ஆனால் ஆதிப்புள்ளிக்குச் சற்று மேலே செல்லும். சாய்வு கிலோகிராமுக்கு 3.95 s², 4π²-ஐ அதனால் வகுத்தால் 10 கிடைத்துவிடும். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நிறை அச்சை −20 கிராமில் வெட்டும். அதுதான் 60-இல் மூன்றில் ஒரு பங்கு. கோட்டை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளியோடு இணைப்பவர்கள் சரியான விடையைத் தாங்களே கெடுக்கிறார்கள் என்பேன். வெட்டு −70-இல் வந்தால், 50 கிராம் எடைத்தாங்கியைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

எண்ணும்போது கடிகாரத்தை அழுத்தும் கணத்தில் 'பூஜ்ஜியம்' என்று சொல்லுங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் 19 அலைவுதான் நடந்திருக்கும், k 11 சதவீதம் கூடிவிடும். இந்தப் பிழை வரைபடத்தில் தெரியாது: கோடு நேராகவே இருக்கும், சாய்வு மட்டும் குறையும். வில் மேலும் கீழுமாக ஆடாமல் பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கினால் அந்த அளவீட்டை விட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

தனி ஊசலிலும் இதே உத்தி பயன்படும். அங்கே குண்டின் நிறையை மாற்றினால் அலைவுக் காலம் மாறாது, நீளம்தான் முக்கியம். நீளம் நான்கு மடங்கானால் காலம் இரண்டு மடங்கு. நூலின் நீளத்தை மட்டும் அளந்து, குண்டின் ஆரம் 1 செ.மீ.-ஐச் சேர்க்காமல் விட்டாலும், T²–L கோடு நீள அச்சை −1 செ.மீ.-இல் வெட்டுமே தவிர சாய்வு மாறாது, g சரியாகவே வரும். ஒரே ஒரு நீளத்தை வைத்துக் கணக்கிட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது.