பாதி மின்னிய முத்துமாலை

சென்ற வைகாசியில் ஆரணியில் நடந்த ஒரு திருமணத்துக்காக, குடியாத்தத்திலிருந்து என் மாமியார் இரண்டு நாள் முன்னதாகவே சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் அவருடைய நகைகள். திறந்து பார்த்தபோது, வளையல்களின் நெளிவுகளில் பல வருடச் சந்தனமும் பவுடரும் படிந்து காய்ந்திருந்தன. என் மனைவியின் வைர மூக்குத்தியும் கண்ணாடித் துண்டு போல் மங்கிக் கிடந்தது. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையது என்பதால், நகைகளையும் நானே சுத்தம் செய்து தருகிறேன் என்று முன்வந்தேன். "மாப்பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று மாமியார் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அது எச்சரிக்கை என்பது பிறகுதான் புரிந்தது.

தொடக்கத்தில் நான் செய்தவை எல்லாம் சரியாகவே இருந்தன என்பதை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். நான்கு பூந்திக்கொட்டைகளைத் தட்டி, கொட்டையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கினேன். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசினால் நகை காயும்போது வெள்ளைத் திட்டுகள் படியும். நீரில்லாத ஆறு என்று பாலாற்றைக் கேலி பேசும் ஊரில் நிலத்தடி நீர் மட்டும் இனிக்குமா? ஆகவே குடிப்பதற்கு வைத்திருந்த வடிகட்டிய நீரையே எடுத்தேன். குழாயடியில் கழுவினால் திருகாணி தொட்டியின் ஓட்டைக்குள் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும், ஏனெனில் ஏற்கெனவே ஒன்று போயிருக்கிறது. எனவே ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை மேசை மேல் வைத்து, அடியில் பழைய வேட்டித் துண்டை விரித்துக்கொண்டேன்.

வளையல்களும் சங்கிலியும் மூக்குத்தியும் கால் மணி நேரம் ஊறின. பிறகு குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால், அழுத்தாமல் தேய்த்தேன். மூக்குத்தியில் முகத்தை விட முதுகுதான் முக்கியம் என்பதை அன்று கண்ணால் கண்டேன். வைரம் நீரோடு ஒட்டாது, எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும். முகத்து எண்ணெய் கல்லின் அடிப்பக்கத்தில் படலமாகப் படிந்து, உள்ளே நுழைந்த வெளிச்சம் திரும்பி வரும் வழியைக் கெடுத்துவிடுகிறது. பின்பக்கத்துத் துளையில் நாலு தேய்ப்புத் தேய்த்ததும் சாம்பல் நிறத்தில் ஏதோ வழிந்தது; கல் கண் விழித்துக்கொண்டது. மாமியார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கடையில கொடுத்தாக்கூட இப்படி வராது" என்றார்.

என்னைக் கெடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

டப்பாவில் அடுத்து இருந்தவை ஒரு கெம்பு அட்டிகையும், பல ஆண்டுகளுக்கு முன் ஐதராபாத்தில் வாங்கிய ஒற்றைச் சர முத்துமாலையும், அதற்கு இணையான முத்துத் தோடும். பூந்திக்கொட்டை நீரின் வேகம் போதாது என்று எனக்குத் தோன்றியது. குத்துவிளக்குக்குப் புளி என்றால் நகைக்கு எலுமிச்சை என்று ஒரு கணக்குப் போட்டு, ஒரு முழு எலுமிச்சம்பழத்தைக் கிண்ணத்தில் பிழிந்தேன். அட்டிகை அகலமாக இருந்ததால் கிண்ணத்துக்குள் அடங்கவில்லை, அதன் அதிர்ஷ்டம். தோட்டை உள்ளே போட்டேன். மாலையும் முழுவதுமாக அடங்கவில்லை. பாதி நீருக்குள்ளும் பாதி கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வெளியிலுமாகக் கிடந்தது. பாதி ஊறியதும் மறுபாதியைத் திருப்பிப் போடலாம் என்பது திட்டம்.

சற்று நேரத்தில் முத்துகளின் மேல் கடுகிலும் சிறிய குமிழிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன. அழுக்கு வெளியேறுகிறது என்று மனைவியை அழைத்துக் காட்டினேன். அவரும் வியந்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. மொட்டை மாடியில் காற்று வாங்கப் போனவன், பாயில் சாய்ந்தவன், விழித்தபோது இரண்டு மணி நேரம் கடந்திருந்தது.

கிண்ணத்தில் கைவிட்டபோது முதலில் அகப்பட்டது முத்தில்லாத தோடு. தங்கக் கிண்ணியின் நடுவில் ஒரு சிறு முள் மட்டும் நின்றது. முத்து தனியே அடியில் உருண்டுகொண்டிருந்தது. மாலையைத் தூக்கினால் நனைந்த பாதியில் நூல் உப்பித் தொய்ந்து, முத்துக்கு முத்து இடைவெளி தெரிந்தது. ஆனால் உண்மையான அதிர்ச்சி துடைத்து உலர்த்திய பிறகுதான். ஜன்னலருகே பிடித்துப் பார்த்தேன். நனையாத பாதியில் ஒவ்வொரு முத்திலும் ஜன்னல் கம்பிகள் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தன. நனைந்த பாதியில் கம்பியும் இல்லை, ஜன்னலும் இல்லை. வெறும் வெளிச்சத் திட்டு மட்டும், வெள்ளையடித்த சுவரில் வெயில் பட்டது போல. மாமியார் மாலையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. "காபி போடட்டுமா, மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும், எங்களுக்குப் பல வருடப் பழக்கமுள்ள ஓர் ஆசாரியிடம் ஓடினேன். அவர் கண்ணில் பொருத்தும் உருப்பெருக்கியால் மாலையைப் பார்த்துவிட்டு, "சார், எலுமிச்சையா, வினிகரா?" என்று கேட்டார். குற்றவாளியைப் பார்த்ததுமே ஆயுதத்தைச் சொல்லிவிடும் காவல் அதிகாரியைப் போல இருந்தது.

அவர் சொன்னதன் சாரம் இது. முத்து கல்லே அல்ல. சிப்பி தன் உடம்புக்குள் புகுந்த ஒன்றைச் சுற்றி, சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே பொருளை மிக மெல்லிய ஏடுகளாகப் பூசிப் பூசி, இடையிடையே ஒருவகைப் புரதத்தால் ஒட்டி உருவாக்குவதுதான் முத்து. அந்த ஏடுகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நாம் பார்க்கும் ஒளி. எலுமிச்சைச் சாறு அமிலம். அமிலம் பட்டால் சுண்ணாம்பு கரைந்து வாயுவாகக் குமிழியிடும். ஆக, நான் மனைவியை அழைத்துக் காட்டிய குமிழிகள் வெளியேறிய அழுக்கு அல்ல, வெளியேறிய முத்து. மேல் ஏடுகள் அரிக்கப்பட்டதும் பரப்பு கரடுமுரடாகி, ஒளி சிதறி, ஜன்னல் மறைந்துவிட்டது. "திரும்ப மெருகு ஏற்ற முடியாதா?" என்று கேட்டேன். "மெருகு ஏத்துறதுக்கு இது தங்கம் இல்லையே சார்" என்றார்.

எலுமிச்சை போடாமல் வெறும் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்திருந்தால் தப்பியிருக்குமா என்று, வழக்கில் சாதகமான சாட்சி தேடுகிறவனைப் போலக் கேட்டேன். ஒளி அவ்வளவு மோசமாகப் போயிருக்காது, ஆனால் தோடும் நூலும் அப்போதும் கெட்டிருக்கும் என்றார். தோட்டு முத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் துளையிட்டு, முள்ளில் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். பழைய பசை நீரில் நெடுநேரம் கிடந்தால் விட்டுவிடும். மாலை கோத்திருப்பது பட்டு நூலில். அது நனைந்தால் உப்பி நீளும், துளைக்குள் போன சோப்பு நீர் எளிதில் காயாமல் அழுக்கைப் பிடித்து நூலை உள்ளேயே இற்றுப்போகச் செய்யும். நனைந்த மாலையை ஆணியில் மாட்டி உலர்த்தினால் முத்தின் கனமே நூலை இழுத்துவிடும். நான் எங்கே உலர்த்தினேன் என்று அவர் கேட்கவில்லை. காலண்டர் ஆணி என்று நானும் சொல்லவில்லை.

பவளமும் இதே சுண்ணாம்பு இனம் என்பதால் அதற்கும் இதே விதி என்றார். என் மனைவியின் மரகத மோதிரத்தைப் பற்றிக் கேட்டபோது, மரகதத்துக்குள் இயல்பாகவே இருக்கும் கீறல்கள் தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், சுடுநீரிலும் சோப்பிலும் அந்த எண்ணெய் கசிந்துவிட்டால் கீறல் வெளியே தெரியும் என்றார். பிறகு அட்டிகையைத் திருப்பிக் காட்டினார். மூக்குத்தியைப் போல அதன் பின்பக்கம் திறந்திருக்கவில்லை, தகடு மூடியிருந்தது. கெம்புக்குக் கீழே பளபளக்கும் மெல்லிய தகடும், உள்ளே அரக்கும் இருக்குமாம். ஓரத்து இடுக்கில் நீர் புகுந்தால் தகடு கறுத்து, மேலே எவ்வளவு துடைத்தாலும் கல் இருண்டே இருக்கும். பின்பக்கம் திறந்த வைரத்தையும் கல்லில்லாத தங்கத்தையும் ஊறவைக்கலாம். மூடியிருந்தால் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பற்பசையைத் தொடவே கூடாது, அதிலுள்ள நுண்பொடி இருபத்திரண்டு காரட் தங்கத்தையே கீறிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார். அதை நான் செய்யவில்லை என்பதைச் சற்றுப் பெருமையாகவே தெரிவித்தேன்.

முத்தைத் துடைக்கும் முறையையும் அங்கேயே செய்து காட்டினார். மென்மையான பருத்தித் துணியின் ஒரு முனையை நல்ல நீரில் நனைத்து, சொட்டாதபடி இறுகப் பிழிந்து, முத்துகளை ஒவ்வொன்றாக விரலிடையே பிடித்துத் துடைத்தார். துளைப்பக்கம் போகவே இல்லை. காய்ந்த முனையால் மறுபடி ஒருமுறை. பிறகு துணியில் நீளவாக்கில் கிடத்தினார். ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்த பிறகுதான் டப்பாவில் வைக்க வேண்டுமாம். உண்மையில் கழற்றியவுடன் ஒருமுறை இப்படித் துடைத்தால் வேர்வையும் பவுடரும் தங்காது, ஊறவைக்கும் யோசனையே வராது. சென்ட்டும் தலைக்கு அடிக்கும் திரவமும் முடிந்த பிறகே முத்தை அணிய வேண்டும் என்றார்.

தோட்டு முத்தை, மங்கிய முகம் அடிப்பக்கம் போகும்படி திருப்பி வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஆனால் ஊறியது முழு முத்தும் என்பதால் அந்தத் தந்திரம் பாதிதான் பலித்தது. மாலைக்குத்தான் நல்ல வழி கிடைத்தது. நூலை அறுத்து, மின்னும் முத்துகளை முன்பக்கத்துக்கும் மங்கியவற்றைக் கழுத்தின் பின்பக்கத்துக்கும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் முடிச்சிட்டுப் புதிய பட்டு நூலில் கோத்தார். முன்னாலிருந்து பார்த்தால் பழைய மாலையேதான்.

ஆரணித் திருமண மண்டபத்தில் மாமியார் வழக்கமான கொண்டையைப் போடாமல், பின்னலைத் தழைய விட்டு, அதன் மேல் நான்கு முழம் மல்லிகையைக் கழுத்தை மூடும்படி வைத்திருந்தார். இந்த வயதில் அத்தைக்கு எவ்வளவு பூ ஆசை என்று உறவுப் பெண் ஒருத்தி சிரித்தாள். மாமியார் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் கொடுத்தாரு" என்றார்.