மாடிப்படி விளக்கு: இரண்டு சுவிட்ச் எல்லாருக்கும் வரும், மூன்றாவதில்தான் மார்க் போகிறது

ரிசல்ட் வந்தாயிற்று. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் எலெக்ட்ரீஷியன் ட்ரேடில் இருக்கும் தம்பி தங்கைகள் "பிராக்டிகலுக்கு எதை அண்ணா முக்கியமா பார்க்கணும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மாடிப்படி வயரிங் என்பதுதான் பதில். அதிலும் மூன்று சுவிட்ச். இந்த பேட்ச்சில் போர்டில் விளக்கை எரியவிட்ட பலருக்கும் மார்க் போனது, ட்ரூத் டேபிளின் கடைசி வரியில். விளக்கு எரிகிறது, தாளில் 0 என்று எழுதியிருக்கிறது. மார்க் போடுகிறவர் என்ன செய்வார்?

இரண்டு சுவிட்ச்சை வேகமாகப் பார்த்துவிடலாம். ஃபேஸ் கீழ் சுவிட்ச்சின் காமனுக்கு, மேல் சுவிட்ச்சின் காமனிலிருந்து விளக்குக்கு, நியூட்ரல் நேராக விளக்குக்கு. இரண்டு சுவிட்ச்சுக்கும் நடுவே இரண்டு ஸ்ட்ராப்பர் வயர். 1.5 சதுர மி.மீ. காப்பர், 6 ஆம்பியர் டூ-வே சுவிட்ச். இதுவரை யாரும் தடுமாறுவதில்லை.

தடுமாற்றம் இதை எக்ஸ்-ஆர் என்று எழுதும்போது வருகிறது. மேல் முனையை மேல் முனையோடும், கீழ் முனையைக் கீழ் முனையோடும் சேர்த்தால், இரண்டு சுவிட்ச்சும் ஒரே பக்கம் இருக்கும்போது விளக்கு எரியும். அது எக்ஸ்-நார். ரெக்கார்டில் இருப்பதோ எக்ஸ்-ஆர் டேபிள். இதைப் பார்த்ததும் வயரிங் தப்பு என்று பயந்து போர்டைப் பிரிக்கிறவர்கள் உண்டு. பிரிக்காதீர்கள். ஒரு சுவிட்ச்சில் இரண்டு ஸ்ட்ராப்பரையும் இடம் மாற்றினால் அதுவே எக்ஸ்-ஆர். அதுகூட வேண்டாம், வேறு வழி இருக்கிறது: விளக்கு அணைந்திருக்கும் ஒரு நிலைக்கு சுவிட்ச்சுகளைக் கொண்டுவாருங்கள். அப்போது ஒவ்வொரு சுவிட்ச்சும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் அந்த சுவிட்ச்சுக்கு 0 என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். ஒன்றுக்கு மேல்பக்கம் 0, இன்னொன்றுக்குக் கீழ்பக்கம் 0 என்று அமைந்தாலும் பரவாயில்லை. மூன்று சுவிட்ச்சுக்கும் இதே முறைதான். இதை ஒன்று மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்றே சொல்வேன்.

இப்போது மூன்று. கும்பகோணத்தில் கீழ்த்தளம், முதல் மாடி, மொட்டை மாடி என்று கட்டிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே A, முதல் மாடியில் B, மொட்டை மாடிக் கதவருகே C. A, C இரண்டும் பழைய டூ-வே சுவிட்ச்தான். நடுவில் உள்ள B மட்டும் நான்கு முனை உள்ள இன்டர்மீடியட் சுவிட்ச். அது இரண்டு ஸ்ட்ராப்பரையும் நேராக அனுப்பும், அல்லது ஒன்றுக்கொன்று மாற்றி அனுப்பும், அவ்வளவுதான் அதன் வேலை. நம் ஊர்க்காரர்களுக்கு ஷட்டர் கணக்கில் சொன்னால், A தண்ணீரை இரண்டு வாய்க்காலில் எதில் விடுவது என்று முடிவு செய்கிறது, B வாய்க்காலை நேரே விடுகிறது அல்லது குறுக்கே மாற்றுகிறது, C எந்த வாய்க்காலிலிருந்து எடுப்பது என்று பார்க்கிறது. எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். 000-ல் அணைந்திருந்தால் ஒரு தட்டில் எரியும், இரண்டாம் தட்டில் அணையும், மூன்றாம் தட்டில் மறுபடி எரியும்.

```
A B C | L
0 0 0 | 0
0 0 1 | 1
0 1 0 | 1
0 1 1 | 0
1 0 0 | 1
1 0 1 | 0
1 1 0 | 0
1 1 1 | 1
```

கடைசி வரியைப் பாருங்கள். "எக்ஸ்-ஆர் என்றால் ஏதாவது ஒன்று மட்டும் 1" என்று இரண்டு சுவிட்ச்சுக்குப் படித்ததை அப்படியே மூன்றுக்கு நீட்டுகிறவர்கள் இங்கே 0 போடுகிறார்கள். மூன்றுக்கு அது பொருந்தாது. 1-கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் விளக்கு எரியும். `L = A ⊕ B ⊕ C`. விரித்து எழுதினால் `A'B'C + A'BC' + AB'C' + ABC`. இதை கே-மேப்பில் போட்டுச் சுருக்கப் பார்க்காதீர்கள். நான்கு 1-களும் மூலைவிட்டமாக மட்டுமே தொடும், ஜோடி சேரவே சேராது. அதில் போகும் நேரம் வீண்.

ஐ.சி. 7486-ல் செய்யச் சொன்னால் A 1-ஆம் பின்னுக்கு, B 2-க்கு. 3-ஐ 4-ஓடு சேர்த்து, C-யை 5-க்குக் கொடுத்தால் 6-ல் விடை. சப்ளை 14, கிரவுண்ட் 7.

இனி வயரிங். இன்டர்மீடியட் சுவிட்ச்சில் எந்த இரண்டு முனை ஒரு பக்கத்து ஜோடி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படத்தை நம்பாமல், மாட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வையுங்கள். ஒரு முனையில் ஒரு ப்ரோபை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் சுவிட்ச்சின் இரண்டு நிலையிலும் தொடுங்கள். இரண்டு முனை ஏதாவது ஒரு நிலையில் சத்தம் கொடுக்கும். எந்த நிலையிலும் சத்தமே கொடுக்காத முனைதான் நீங்கள் பிடித்திருக்கும் முனையின் ஜோடி. அந்த இரண்டும் A-யிலிருந்து வரும் ஸ்ட்ராப்பருக்கு, மிச்சம் இரண்டும் C-க்குப் போகிறவற்றுக்கு. டூ-வே சுவிட்ச்சிலும் இதே சோதனைதான்: ஒன்றோடொன்று சத்தம் கொடுக்காத இரண்டும் ஸ்ட்ராப்பர் முனைகள், மற்றது காமன்.

வேலை முடிந்தும் சரியாக எரியவில்லை என்றால் எல்லா வயரையும் பிடுங்க வேண்டாம். எட்டு நிலையையும் போட்டுப் பார்த்து எரிகிறவற்றை எண்ணுங்கள்.

- எட்டில் நான்கு: சரி.
- எட்டில் இரண்டு, B ஒரு பக்கம் இருந்தால் எதுவுமே எரியவில்லை, மறுபக்கம் போட்டால் A, C ஒழுங்காக வேலை செய்கின்றன: B-யில் ஜோடி தப்பு. A-யின் இரண்டு ஸ்ட்ராப்பரும் அந்த நிலையில் தங்களுக்குள்ளேயே சேர்ந்துகொள்கின்றன. ஃபியூஸ் போகாது, விளக்கும் எரியாது.
- எட்டில் இரண்டு, ஆனால் B-யின் இரண்டு நிலையிலும் ஒவ்வொன்று: A-யிலோ C-யிலோ காமனும் ஸ்ட்ராப்பரும் இடம் மாறியிருக்கிறது.

கடைசி வகை இரண்டு சுவிட்ச் வயரிங்கிலும் வரும். அங்கே நான்கில் ஒரே ஒரு நிலையில்தான் விளக்கு எரியும். அதாவது எக்ஸ்-ஆர் கட்டப்போய் ஆண்ட் கேட் கட்டியிருக்கிறோம். வைவாவில் இதை இப்படியே சொல்லலாம்.

வைவாவில் இன்னொரு கேள்வியும் வரும். வயரை மிச்சப்படுத்த ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுத்து, இரண்டு காமனுக்கும் நடுவே விளக்கை மாட்டினால் என்ன? ட்ரூத் டேபிளைப் பார்த்தால் அதுதான் அச்சு அசலான எக்ஸ்-ஆர். ஒரே பக்கம் இருந்தால் அணையும், வேறுபட்டால் எரியும். ஆனால் இரண்டு காமனும் ஃபேஸில் நிற்கும்போது விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரின் இரண்டு முனையிலும் 230 வோல்ட் இருக்கும். அணைந்திருக்கிறதே என்று பல்பை மாற்றப் போகிறவர் மாட்டிக்கொள்வார். ஒரே சுவிட்ச்சுக்குள் ஃபேஸும் நியூட்ரலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், தட்டும்போது ஆர்க் பிடித்தால் ஷார்ட். அதனால்தான் ஃபேஸை மட்டும் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோகிறோம்.

நான்காவது சுவிட்ச் கேட்டால் நடுவில் இன்னொரு இன்டர்மீடியட். ஓரத்தில் எப்போதும் இரண்டு டூ-வே மட்டும்தான். பதினாறு வரியில் எட்டில் எரிய வேண்டும், 1111-ல் எரியக் கூடாது.