வெங்காயத் தோட்டமும் கொழும்பு பஸ்ஸும்

ஜூலை 5

அக்கா போன் எடுத்தார். "மூத்தவன் கொழும்புக்குப் போகப் போறானாம். நீ பொருளியல் படிப்பிக்கிறனி, ஒருக்கா வந்து கதைச்சுப் பார்."

பின்னேரம் புத்தூருக்குப் போனேன். மருமகன் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டு நின்றான். கை இரண்டிலும் செம்மண். வயது 22, ஏ.சி. பூட்டும் பயிற்சி முடித்தவன். "அங்கே உன்ரை கூட்டாளிமார் வேலை இல்லாமல் அறையிலை கிடக்கிறது தெரியுந்தானே?" என்றேன்.

"தெரியும் மாமா. கிடைச்சால் எண்பதாயிரம் கையிலை மிஞ்சும்."

வகுப்பில் நான் அரை மணித்தியாலம் விளக்குவது அந்தக் 'கிடைச்சால்' என்ற ஒரு சொல்லுக்குள் இருந்தது.

ஜூலை 8

இரவு அக்கா வீட்டுத் திண்ணையில் கொப்பியை விரித்தோம். தோட்டக் கூலி நாளுக்கு 2,500 ரூபா. மாதத்தில் அவனுக்கு 16 நாள் வேலை கிடைக்கிறது, ஆக 40,000. சாப்பாடு வீட்டில். கொழும்பில் நிரந்தர வேலை என்றால் அறை வாடகையும் சாப்பாடும் போக 80,000. வேலை கிடைக்காதவன் புறக்கோட்டையில் மூட்டை தூக்கியாவது அறைக்கும் சாப்பாட்டுக்கும் தேடிக்கொள்வான், மிச்சம் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டோம்.

40,000ஐ 80,000த்தோடு நேரே ஒப்பிடக் கூடாது. 80,000ஐ வேலை கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கி வருவதைத்தான் ஒப்பிட வேண்டும். அதுதான் எதிர்பார்க்கும் கூலி. இருவரில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் 40,000 வரும், ஊரும் பட்டினமும் சமம். அதற்கு மேல் என்றால் போகலாம், கீழே என்றால் நிற்கலாம்.

"பத்தில் எட்டுப் பேருக்குக் கிடைக்குது மாமா" என்றான். அப்படியானால் 64,000. அக்காவின் முகம் வாடிவிட்டது.

ஜூலை 13

அந்த 'எட்டு' என்னை விடவில்லை. அவன் கண்டது நல்லூர்த் திருவிழாவுக்குப் புது மோட்டார் சைக்கிளில் வந்தவர்களை. வேலை கிடைக்காதவன் திருவிழாவுக்கு வருவதில்லை. வந்தாலும் வாய் திறப்பதில்லை. எண்ணிக்கையிலேயே அவன் விடுபட்டுப் போகிறான்.

அதனால் பொடியன்களை விட்டுவிட்டுத் தாய்மாரைக் கேட்டோம். மூன்று நாள் வீடு வீடாகப் போனோம். இந்தப் பக்கத்தால் போன பத்துப் பேரில் முதல் வருடத்துக்குள் நிரந்தர வேலை கண்டவர்கள் நாலே பேர். 80,000இல் பத்துக்கு நாலு 32,000. ஊர்க் கூலியை விடக் குறைவு.

"அப்ப நிக்கட்டுமா?" என்று அவன் கேட்டபோது என்னால் உடனே ஓம் சொல்ல முடியவில்லை.

ஜூலை 14

ஏனென்றால் அது முதல் வருடக் கணக்கு மட்டும். மிச்சம் இருக்கும் ஆறு பேரில் பத்துக்கு நாலு என்ற அதே வீதத்தில் அடுத்த வருடமும் வேலை கிடைத்தால், வேலையில் இருப்பவர்கள் 64 வீதம். எதிர்பார்க்கும் கூலி 51,200. மூன்றாம் வருடம் 78 வீதத்துக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட 62,700. மூன்று வருடத்துக்கும் சராசரி போட்டால் 48,600 அளவில் வருகிறது. ஊரை வென்றுவிடுகிறது.

22 வயதுக்காரனுக்குக் காத்திருக்கக் காலம் உண்டு. 45 வயதில், மூன்று பிள்ளைகளோடு, அந்த முதல் வருடத்தைத் தாண்டுவது கஷ்டம். வேலையில்லை என்று தெரிந்தும் இளசுகள் பஸ் ஏறுவது இதனால்தான். இதை விசர் வேலை என்று திட்டுகிறவர்கள் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் சராசரி வேறு, ஒருவனுடைய வாழ்க்கை வேறு. மூன்று வருடத்துக்குப் பிறகும் நூற்றில் 22 பேர் அறையில்தான். அக்காவுக்கு அதை மறைக்காமல் சொன்னேன்.

ஜூலை 20

வகுப்பில், ஆட்கள் ஊரை விட்டுப் பட்டினத்துக்குப் போவதை விளக்கும் மாதிரியை நடத்தினேன், ஹாரிஸ், டொடாரோ என்ற பொருளியலாளர் இருவர் 1970இல் எழுதியது. ஒரு மாணவி, "சேர், பட்டினத்தில் வேலையைக் கூட்டினால் வேலையில்லாப் பிரச்சினை தீருந்தானே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

கரும்பலகையில் எங்கள் கணக்கையே எழுதினேன். பட்டினத்தில் 100 வேலை, 80,000 கூலி, ஊரில் 40,000. வாய்ப்பு பாதியாகும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அதாவது 200 பேர். நூறு பேருக்கு வேலை இல்லை. இனிப் பத்து வேலை கூடட்டும். கூலி மாறாவிட்டால் 220 பேர் வரும்வரை வரவு நிற்காது. வேலையில்லாதோர் இப்போது 110. கென்யாவில் 1964இல் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டு ஆள் எடுத்தபோது, வேலை தேடி வந்தோர் தொகையும் பெருகியது.

"அப்ப ஊர்க் கூலி கூடினால்?" என்றாள். வேலை பழையபடி 100ஆக இருக்க, ஊர்க் கூலி 50,000 ஆனால் 160 பேரோடு வரவு நின்றுவிடும், வேலையில்லாதோர் 60. ஊரில் ஆள் குறையக் கூலி தானாக ஏறும் என்பதை இங்கே விட்டுவிட்டோம் என்றும் சொன்னேன்.

ஆகஸ்ட் 3

வெங்காயம் பிடி கட்டித் தூக்கி முடிந்தது. இரவு பஸ்ஸுக்கு அவனை ஏற்றிவிட்டோம். இரண்டு வருடம் பார்ப்பது, அதற்குள் இல்லாவிட்டால் திரும்பி வருவது என்று தாயோடு பேச்சு. வேலை இல்லாவிட்டாலும் நல்லூருக்கு வர வேண்டும் என்பது நான் கேட்டது.

கொப்பி என்னிடம் இருக்கிறது. பத்துப் பெயருக்குக் கீழே பதினோராவதாக அவனுடைய பெயர். போன திகதி எழுதியாயிற்று, வேலை கிடைத்த திகதிக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது.