டீ குடித்த பிறகு எழுதிய பதில்

காலையிலேயே, என்னிடம் மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்த காட்பாடி வாடிக்கையாளரின் மின்னஞ்சல்: "பிரீமியம் வாங்க வீடு தேடி வந்தீங்க, கிளெய்ம்னா கைவிரிக்கிறீங்களா?" பழைய சர்க்கரை நோயை மறைத்தாராம், அதனால் மறுப்பு. ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால், சர்க்கரை வந்து 5 மாதம் என்பது 5 வருடம் என்று விழுந்திருக்கிறது!

டீ குடித்துவிட்டுத்தான் பதில் எழுதினேன்.

"அண்ணே, கைக்காசு போட்டு பில் கட்டிய கோபம் நியாயம்தான். பணம் கட்டாயம் வரும் என்று இப்போது சொல்ல மாட்டேன். சிகிச்சை தந்த டாக்டரிடம் திருத்தக் கடிதம் வாங்குங்கள். சர்க்கரைக்கு முதலில் எழுதிய மருந்துச் சீட்டையும் தேடி எடுங்கள். கிடைத்த அன்றே கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புகிறேன். 14 நாளில் பதில் தர வேண்டும். மறுபடி மறுத்தால், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது."

மதியம் பதில் வந்தது: "சரிப்பா. டாக்டர் வெள்ளிக்கிழமைதான் இருப்பாராம்."